தண்டவாளத்தில் எத்தனை மில்லிமீற்றர் இடைவெளி விடுவது? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

மட்டக்களப்புப் புகையிரதப் பாதையில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் சிறு இடைவெளி இருப்பதையும், கல்லடிப் பாலத்தைப் போன்ற பெரிய பாலங்களில் தளத்துக்குக் குறுக்கே பிளவு விடப்பட்டிருப்பதையும் பலர் கவனித்திருப்பார்கள். உலோகம் சூடானால் நீளும் என்பது பாடசாலையிலேயே படித்ததுதான். ஆனால் விட வேண்டிய இடைவெளி, துண்டைப் பொருத்தும் நேரத்து வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாக வலியுறுத்துவதில்லை. அதைக் கணக்கிடும் முறையை இங்கே பார்ப்போம்.

படி 1: ஒரு பாகைக்கு எவ்வளவு நீளும்?

ஒரு மீற்றர் நீளமான உருக்கு, வெப்பநிலை ஒரு பாகை செல்சியசால் உயரும்போது ஏறத்தாழ 0.0115 மில்லிமீற்றர் நீளும். நமது துண்டு 12 மீற்றர் நீளமானது என்று கொண்டால், அது ஒரு பாகைக்கு 12 × 0.0115 = 0.138 மில்லிமீற்றர் நீளும்.

படி 2: வெப்பநிலை எல்லைகளைத் தீர்மானித்தல்

இங்கே காற்றின் வெப்பநிலையை எடுப்பது தவறு. வெயிலில் கிடக்கும் தண்டவாளம் காற்றைவிட 15 முதல் 20 பாகை வரை கூடுதலாகச் சூடேறக்கூடும். ஆகையால் வெப்பமானியைத் தண்டவாளத்தின் நிழல் விழும் பக்கத்தில் ஒட்டவைத்து, உருக்கின் வெப்பநிலையையே அளக்கிறார்கள். நமது கணக்குக்குக் குறைந்த எல்லை 20 பாகை, கூடிய எல்லை 60 பாகை என்று கொள்வோம்.

படி 3: பொருத்தும் நேரத்துக்கான இடைவெளி

தண்டவாளம் இனி எத்தனை பாகை சூடேற இடமிருக்கிறதோ, அத்தனை பாகைக்கான நீட்சிக்கு இடம் விட வேண்டும். பொருத்தும்போது உருக்கு 30 பாகையில் இருந்தால், 60 பாகை வரை செல்ல இன்னும் 30 பாகை இருக்கிறது. எனவே 30 × 0.138 = 4.1 மில்லிமீற்றர் தேவை. 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டுத் துண்டை இடையில் செருகி, பொருத்திய பின் எடுத்துவிடலாம். வெயில் ஏறி உருக்கு 45 பாகையை எட்டிய பின் பொருத்தினால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றரே போதும்.

எல்லா நேரத்துக்கும் 4 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? விடியற்காலையில் 20 பாகையில் பொருத்திய துண்டின் இடைவெளி ஏறத்தாழ 49 பாகையிலேயே மூடிவிடும். மீதி 11 பாகைக்கு நீள இடமில்லாமல் உருக்கு நெருக்குண்ணும். வெட்டுமுகம் 5000 சதுர மில்லிமீற்றர் உள்ள தண்டவாளம் அசைய முடியாதிருந்தால், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 1.2 தொன் விசை சேரும். 11 பாகைக்கு அது 13 தொன்னைத் தாண்டும். இந்த விசை துண்டின் நீளத்தைச் சார்ந்ததல்ல என்பது ஆரம்பத்தில் நம்பக் கடினமாகவே இருக்கும். சிலிப்பர் கட்டைகளும் சல்லியும் பக்கவாட்டில் போதிய பிடிமானம் தராத இடத்தில் பாதை பாம்பைப் போல் வளைந்துவிடும். மாறாக, 50 பாகையில் 4 மில்லிமீற்றர் விட்டுப் பொருத்தினால், குளிரும் இரவில் இடைவெளி 8 மில்லிமீற்றராக அகன்று, கடந்துசெல்லும் சக்கரங்கள் தண்டவாள முனைகளை அடித்துச் சிதைக்கும்.

படி 4: இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்த்தல்

இணைப்புத் தகட்டின் போல்ட்டுத் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை. தண்டவாளம் நகர்வதற்காகவே அவ்வாறு துளைக்கிறார்கள். கடற்காற்றில் அந்தத் தகடுகள் துருப்பிடித்து இறுகினால், இடைவெளி இருந்தும் பயனில்லை. பாதைப் பராமரிப்பாளர் காலையில் 25 பாகையிலும் நண்பகலில் 50 பாகையிலும் இடைவெளியை அளந்தால், ஏறத்தாழ 3.5 மில்லிமீற்றர் வேறுபாடு தெரிய வேண்டும். வேறுபாடே இல்லையெனில் தகட்டைக் கழற்றி, துருவை நீக்கி, மசகிட வேண்டும். (இதைப் பயிற்சியாகச் செய்து பார்க்கப் பாதைக்குள் இறங்காதீர்கள், அது ஆபத்தானது.)

பாலத்துக்கும் குழாய்க்கும்

பாலத்திலும் இதே கணக்குத்தான். கொங்கிறீற்று ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.01 மில்லிமீற்றர் நீளும். தடித்திருப்பதால் மெதுவாகவே சூடேறும். 100 மீற்றர் தளம் 20 பாகை மாறினால் 20 மில்லிமீற்றர் நகரும். கடற்கரை மணலும் சிறு கற்களும் அந்தப் பிளவை நிரப்பிவிட்டால், அசைவுக்கான இடம் குறைந்து தளத்தின் விளிம்புக் கொங்கிறீற்று உடையத் தொடங்கும்.

கூரைமேல் ஓடும் பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் விரிவு உருக்கைவிட ஆறு மடங்கு. ஒரு மீற்றருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். 10 மீற்றர்க் குழாய் 30 பாகை சூடேறினால் 21 மில்லிமீற்றர் நீளும். தண்ணீர் ஓடுவதால் இங்கே திறந்த இடைவெளி விட முடியாது. அதற்குப் பதிலாக, குழாயை ஓரிடத்தில் மட்டும் இறுக்கமாகப் பிடிக்கச் செய்து, மற்றப் பிடிகளில் அது வழுக்கி நகர இடம் விட்டு, முனையில் எல்போ வைத்துத் திருப்பும் பகுதியைச் சுவரோடு ஒட்டாமல் விட வேண்டும். இரு பிடிகளுக்கு நடுவே குழாய் நண்பகலில் வில்லாக வளைந்து மாலையில் நேராகிறது என்றால், அதற்கு நகர வழியில்லை என்று பொருள். எல்போவின் ஒட்டு வெடிப்பதற்கு முன் பிடிகளைத் தளர்த்திவிடுங்கள்.