ரத்தக்கட்டு புதுசா பழசா? கோணத்தையும் எழுதுங்கள்

நுரையீரல் தமனி சிடி ஆஞ்சியோவில் ஃபில்லிங் டிஃபெக்ட் தெரிந்தால், இடத்தை மட்டும் எழுதி நிறுத்தாமல், அது குழாய்ச் சுவரை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: "வலது கீழ்மடல் தமனியில் குழாயைப் பாதி அடைக்கும் ஃபில்லிங் டிஃபெக்ட், சுவரோடு குறுங்கோணம்." புதிய ரத்தக்கட்டு பெரும்பாலும் குழாயின் நடுவில் கிடக்கும், கான்ட்ராஸ்ட் அதைச் சுற்றி ஓடுவதால் சுவரைத் தொடும் இடத்தில் கூரான கோணம் விழும், பழையது சுவரோடு ஒட்டிப் படிந்துவிடுவதால் விரிகோணம். படிப்பவருக்கு இந்த ஒரு சொல்லே நிறைய சொல்லிவிடும்.

முழுசாக அடைத்திருந்தால் கோணம் பார்க்க முடியாது. அப்போது குழாய் விரிந்திருக்கிறதா (புதுசு), சுருங்கியிருக்கிறதா (பழசு) என்று பாருங்கள். அப்புறம், மூச்சு அசைவால் படம் கலங்கியிருந்தாலோ கான்ட்ராஸ்ட் சரியாக ஏறாவிட்டாலோ, சின்னக் கிளைகளில் கோணத்தை நம்பவே வேண்டாம்.