வெக்கையில் வேலையா? கோட் வாங்கும் முன் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்

லேப் கோட், செஃப் கோட், ஆஸ்பத்திரியில் போடும் ஸ்க்ரப்ஸ் மூன்றும் தைத்துக் கொடுக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் எது வேர்க்காது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போன மாதம் ஹோட்டல் அடுப்படிக்குப் போகிற ஒரு தம்பி, ஸ்க்ரப்ஸ் போதும், அதுதான் லேசு என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் மேல் என்ன தெறிக்கும் என்று பாருங்கள். ஸ்க்ரப்ஸ் மெல்லிசு, அரைக்கை, கழுத்து திறந்தது. காற்று வரும், தினமும் துவைக்கலாம். ஆனால் ஈரத்தைத் தடுக்காது, அறுவை சிகிச்சையில் அதன் மேல் கவுன் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வாணலி எண்ணெய் தெறித்தால் முழங்கைக்குக் கீழே வெறும் தோல்தான்.

அடுத்து நூல் சோதனை. உள்தையலில் இருந்து நாலைந்து இழையை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சினால் பருத்தி. சுருங்கி உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணி உருண்டால் பாலியஸ்டர். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். அந்த மணியை விரலில் உருட்டிக் காட்டியதும் தம்பிக்குப் புரிந்துவிட்டது: தீப்பிடித்தால் அது தோலில் உருகி ஒட்டும். பருத்தியும் எரியும், ஆனால் உருகாது.

லேப் கோட்டுக்கு விடை அப்படியே மாறும். அடர் கந்தக அமிலம் பட்டால் பருத்தி ஓட்டையாகிவிடும், பாலியஸ்டர் கலப்பு கொஞ்சம் தாங்கும். தீயே இல்லாத ஆய்வகத்துக்குக் கலப்புத் துணி சரி. பர்னர் எரிகிற இடத்துக்குப் பருத்தி. தானாகவே தீப்பிடிக்கும் ரசாயனம் என்றால் தீ தாங்கும்படி பதப்படுத்திய கோட்தான் வேண்டும்.

கடைசியாக வெக்கை. தம்பிக்கு 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள முழுப் பருத்தியில், முழுக்கை வைத்து, மார்பில் நாலு அங்குலம் தளர்த்தி, முதுகில் மட்டும் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்தேன். செஃப் கோட்டில் முன்பக்கம் இரட்டை மடிப்பாக இருப்பது சூடு உடனே உள்ளே இறங்காமல் இருக்கத்தான், அதனால் அங்கே துணியைக் குறைக்கவே மாட்டேன். பருத்தி முதல் துவைப்பிலேயே சுருங்கும். துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிய கோட்டில் எண்ணெய்ச் சூடு சீக்கிரம் தோலுக்கு வரும், அதனால் நடுவில் மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும். அப்புறம், பொத்தான்களுக்குப் பதிலாக ஒரே இழுப்பில் திறக்கும் பிரஸ் பட்டன் வையுங்கள். கொதிக்கிற எண்ணெய் கொட்டினால் அந்தக் கோட்டை அதே நொடியில் கழற்றியாக வேண்டும்.