எமிட்டரில் விட்ட 100 ஓம்: சிறுசமிக்ஞைக் கணக்கு தடம் மாறும் இடங்கள்

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவர்களின் விடைத்தாள்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். டிரான்சிஸ்டர் பெருக்கியில் எமிட்டர் நேராகத் தரையில் இருக்கும் சுற்றை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். எமிட்டருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சின்ன ரெசிஸ்டரை, கெப்பாசிட்டர் மறைக்காமல் விட்டுவிட்டால் போதும், பாதிப் பேர் வழி தவறிவிடுகிறார்கள். அதனால் அந்தச் சுற்றையே எடுத்துக்கொள்வோம்.

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் சாதாரணமாகக் கிடைக்கும் 2N3904 டிரான்சிஸ்டர் போதும். மின்வழங்கி 12 வோல்ட். பேஸுக்கு மேலே R1 = 47k, கீழே R2 = 10k. கலெக்டரில் RC = 4.7k. வெளியீட்டில் கெப்பாசிட்டர் வழியாக RL = 10k சுமை. எமிட்டரில் முதலில் 100 ஓம், அதன் கீழே 1.2k, இந்த 1.2k-க்கு மட்டும் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பேஸ் மின்னோட்டம் கலெக்டரில் எத்தனை மடங்காகிறது என்பதைச் சொல்லும் β-வை 150 என்று வைத்துக்கொள்வோம். நேர்மின் கணக்கைப் போட்டால் கலெக்டர் மின்னோட்டம் ஏறக்குறைய 1 மில்லிஆம்பியர் வரும்.

முதல் தவறு இங்கேயே நடக்கிறது. பேஸ்-எமிட்டர் அழுத்தம் 0.7 வோல்ட், பேஸ் மின்னோட்டம் 6.7 மைக்ரோஆம்பியர், ஒன்றை மற்றொன்றால் வகுத்து, பேஸின் மின்தடை ஒரு லட்சம் ஓம் என்று எழுதிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்தப் புள்ளியில் வளைகோட்டின் சரிவு. அது மின்னோட்டத்தைப் பொறுத்தது:

gm = IC / VT = 1 mA / 25 mV = 0.04 S
rπ = β / gm = 150 / 0.04 = 3.75k

வெப்பநிலையைப் பொறுத்த அழுத்தமான VT-க்கு 25-ஆ 26-ஆ என்று சண்டை போடத் தேவையில்லை. குளிரூட்டிய ஆய்வகத்தில் 25-ஐ ஒட்டி இருக்கும்; ஏர்கான் இல்லாத வீட்டில் 30 டிகிரியில் 26-ஐத் தொடும். வித்தியாசம் நான்கு சதவீதம்தான், சாதாரண ரெசிஸ்டரின் மதிப்பு விலகலே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

அடுத்தது சமிக்ஞைக்கான சமானச் சுற்றை வரைவது. மின்வழங்கியின் அழுத்தம் ஆடுவதில்லை, ஆகவே சமிக்ஞைக்கு அதுவும் தரைதான். R1-இன் மேல்முனை 12 வோல்ட்டில் கட்டப்பட்டிருந்தாலும், சமிக்ஞையின் கண்ணுக்கு அது தரைக்கு இறங்குகிறது. அப்படியென்றால் R1-உம் R2-உம் பக்க இணைப்பில் நிற்கின்றன: 47k, 10k சேர்ந்து 8.25k. மூலப்படத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதைப் பார்த்து 57k என்று கூட்டினால், உள்ளீட்டு மின்தடை இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிடும். RC-உம் அப்படியே தரைக்கு வருகிறது. RL-உடன் சேர்ந்து 3.2k. RL-ஐ மறந்து 4.7k-யை மட்டும் வைத்துப் பெருக்கம் எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது.

இனி 100 ஓம். "அண்ணா, rπ-யே 3750 ஓம். இந்த நூறைச் சேர்த்தா 3850, அவ்வளவுதானே?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் அந்த நூறு ஓமில் ஓடுவது பேஸ் மின்னோட்டம் மட்டும் இல்லை. கலெக்டரிலிருந்து வருவதும் சேர்ந்து ஓடுகிறது. சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, பேஸுக்குள் 1 மைக்ரோஆம்பியர் சமிக்ஞை போவதாக வைத்து நடந்து பாருங்கள்.

அந்த 1 மைக்ரோஆம்பியர் rπ-இல் 3.75 மில்லிவோல்ட்டை உண்டாக்கும். கலெக்டரில் 150 மைக்ரோஆம்பியர் ஓடும். இரண்டும் எமிட்டரில் சேர்ந்து 151 மைக்ரோஆம்பியராக 100 ஓம் வழியே இறங்க, அங்கே 15.1 மில்லிவோல்ட் எழும். ஆக, பேஸுக்கும் தரைக்கும் இடையே 18.85 மில்லிவோல்ட். வெளியீட்டில் 150 மைக்ரோஆம்பியர் 3.2k-யில் ஓடுவதால் 480 மில்லிவோல்ட், தலைகீழாக. இதிலிருந்து பேஸுக்குள் பார்க்கும் மின்தடை rib, அழுத்தப் பெருக்கம் Av, மொத்த உள்ளீட்டு மின்தடை Rin மூன்றும் வந்துவிடும்:

rib = 18.85 mV / 1 µA = 18.85k
Av = −480 / 18.85 = −25.5
Rin = 8.25k ∥ 18.85k = 5.7k

நூறு ஓம், பேஸிலிருந்து பார்க்கும்போது 15,100 ஓமாகத் தெரிகிறது. rib-ஐ 3850 என்று எழுதியவருக்குப் பெருக்கம் ஏறக்குறைய −125 வந்திருக்கும், உள்ளீட்டு மின்தடை 2.6k வந்திருக்கும். இரண்டுமே 100 ஓம் இல்லாத சுற்றின் விடைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கின்றன.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. சமானச் சுற்றில் கலெக்டர் பக்க மின்னோட்ட மூலத்துக்குப் பக்கத்தில் gm·vπ என்று எழுதிவிட்டு, பேஸ்-எமிட்டர் சமிக்ஞை அழுத்தமான vπ இருக்க வேண்டிய இடத்தில் உள்ளீட்டு அழுத்தத்தை அப்படியே போட்டுவிடுவது. எமிட்டர் தரையில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான், அந்தப் பழக்கத்தில் வருவது இது. நம் சுற்றில் உள்ளே வந்த 18.85 மில்லிவோல்ட்டில் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே விழுந்தது 3.75 மட்டுமே, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. vπ-யின் கூட்டல் குறியைப் பேஸிலும் கழித்தல் குறியை எமிட்டரிலும் படத்திலேயே போட்டுவிட்டால், கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்.

விடை சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கலெக்டர் பக்க மின்தடையை எமிட்டரில் மறைக்காத மின்தடையால் வகுங்கள்: 3200 / 100 = 32. பெருக்கத்தின் அளவு இதைத் தாண்டவே முடியாது. 125 என்று வந்தால் அந்த இடத்திலேயே பேனாவை நிறுத்தலாம். β-வை 300 ஆக்கியும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெருக்கம் 25.5-லிருந்து நகராது, rib மட்டும் இரட்டிப்பாகும். உங்கள் விடையில் பெருக்கமும் இரட்டிப்பானால், rπ-யைப் பழைய மதிப்பிலேயே விட்டிருக்கிறீர்கள், கூடவே எமிட்டர் மின்னோட்டத்தையும் எங்கோ தொலைத்திருக்கிறீர்கள்.

சமிக்ஞை மூலத்தின் சொந்த மின்தடை, இங்கே 1k என்று கொள்வோம், Rin-க்குள் சேராது. Rin என்பது மூலத்தைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தால் தெரிவது. மூலம் அதன் பிறகு வருகிறது, அழுத்தத்தைப் பங்கிட மட்டும்:

Avs = −25.5 × 5.7 / (1 + 5.7) ≈ −21.7

இந்தக் கணக்கு எல்லா அலைவெண்ணுக்கும் பொருந்தாது. 1 கிலோஹெர்ட்ஸில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரின் எதிர்வினை 1.6 ஓம்தான், தரை என்று கொள்ளலாம். 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 32 ஓம் ஆகிறது. நூறு ஓமுக்குப் பக்கத்தில் அதை இல்லை என்று சொல்ல முடியாது.

பிரெட்போர்டில் Rin-ஐச் சரிபார்க்க, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து உள்ளீட்டைத் தொடாதீர்கள். உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். அதைத் தாண்டிப் பேஸைத் தொட்டால் டிரான்சிஸ்டரின் இயங்குபுள்ளியே குலையும். 1 கிலோஹெர்ட்ஸில் ஜெனரேட்டரின் 50 ஓம் வெளியீட்டிலிருந்து நேரே சமிக்ஞை கொடுத்து, வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். பின்பு உள்ளீட்டில் தொடராக 5.6k ரெசிஸ்டர் ஒன்றைச் செருகுங்கள். வெளியீடு பாதியாகக் குறைந்தால் Rin ஏறக்குறைய 5.6k. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் Rin 2.6k அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று பொருள், கெப்பாசிட்டரை 1.2k-க்கு மட்டும் போடாமல் எமிட்டரிலிருந்து நேரே தரைக்குப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். உள்ளீட்டைச் சுமார் 20 மில்லிவோல்ட் உச்சத்தில் வைத்துக்கொண்டால் vπ 4 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும், அலை வடிவமும் சிதையாது.