ஸ்கூல் தமிழ் மன்ற க்விஸ்: ரவுண்டு பேர் மட்டும் மாறுனா பத்தாது

ஸ்கூல் தமிழ் மன்றத்துக்கு இலக்கிய க்விஸ் போடுறவங்க நிறைய பேர் முதல்ல உக்காந்து யோசிக்கிறது ரவுண்டுக்கு என்ன பேர் வைக்கலாம்னுதான். குறிஞ்சி சுற்று, முல்லை சுற்று, மருதம் சுற்றுன்னு ஐந்திணை பேரையும் வெச்சிடுவாங்க, கேக்க அழகாத்தான் இருக்கும், ஆனா கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தா அஞ்சு சுற்றுலயும் ஒரே கேள்விதான் வேஷம் மாத்திட்டு வரும், இந்த நூலை எழுதுனது யாரு, அதுல எத்தனை பாட்டு, இவரோட இயற்பெயர் என்ன. அஞ்சு தடவையும் சோதிக்கிறது ஒரே ஒரு திறமையைத்தான், மனப்பாடம். கைடு புக்கை கரைச்சுக் குடிச்ச டீம் முதல் சுற்றுலயே முன்னாடி போயிடும், அதே டீம் கடைசி வரைக்கும் முன்னாடியே இருக்கும், கதையை ஆசையா படிச்ச பிள்ளைக்கு வாய் திறக்க ஒரு சான்ஸும் வராது.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கோங்க. அதுல எத்தனை காதைன்னு கேட்டா 30, தெரிஞ்சா தெரியும் இல்லன்னா இல்ல, யோசிக்க ஒண்ணுமே இல்ல. இதையே இப்படி கேட்டுப் பாருங்க: "ரெண்டு பெண்களோட சிலம்பு, ஒண்ணுக்குள்ள முத்து, இன்னொண்ணுக்குள்ள மாணிக்கம். இந்த வித்தியாசம் தெரிஞ்ச உடனே யாரோட தீர்ப்பு தப்புன்னு ஆச்சு?" காதை எண்ணிக்கை தெரியாத பிள்ளை கூட கண்ணகி பாண்டியன் அவையில சிலம்பை உடைச்ச காட்சியை நினைச்சுப் பார்த்து பதில் சொல்லிடும். "தேரா மன்னா" அப்படிங்கிற வரியைக் குடுத்து, இது யார் யார்கிட்ட சொன்னது, அதுக்கு முந்தி ராஜா என்ன கேட்டார்னு கேட்டா அது இன்னொரு விதம். நூல் ஒண்ணுதான், ஆனா மூணு கேள்வியும் மண்டையில மூணு வேற இடத்தைத் தட்டுது. ரவுண்டு மாறுதுன்னா இதுதான் மாறணும். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்துல "இது எதை சோதிக்குது" அப்படின்னு ஒரு வரி எழுதிப் பாருங்க, ரெண்டு சுற்றுக்கு ஒரே வரி வந்துச்சுன்னா ஒண்ணை எடுத்துடுங்க.

அடுத்த தப்பு எனக்கு இன்னும் மனசுல உறுத்துறது. ஒரு ஸ்கூல்ல நான் நடத்துன க்விஸ்ல "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே, எந்த நூல்?" அப்படின்னு ஒரு கேள்வி. என் தாள்ல விடை மணிமேகலை. ஒரு ஒன்பதாம் வகுப்பு பொண்ணு புறநானூறுன்னு சொல்லுச்சு, நான் தப்புன்னு சொல்லி அடுத்த டீமுக்கு பாஸ் பண்ணிட்டேன். அந்த வரி ரெண்டுலயும் இருக்கு, புறநானூறு 18வது பாட்டுல குடபுலவியனார் பாண்டியனுக்கு சொல்றார், மணிமேகலைலயும் அப்படியே வருது. முடிஞ்சப்புறம் அந்த பொண்ணோட தமிழ் டீச்சர் புக்கை எடுத்துக் காட்டுனாங்க. மார்க்கைத் திருத்திட்டோம், ஆனா தப்புன்னு நான் சொன்னதும் அந்த பிள்ளை மூஞ்சி வாடுன வாட்டத்தைத் திருத்த முடியாது இல்லையா, சரியா படிச்சதுக்கு கிடைச்ச பலன் அது.

இதுக்கு மருந்து கேள்வியைத் தூக்குறது இல்ல, கேள்வியை இறுக்குறது. "மண்திணி ஞாலத்து வாழ்வோர்க்கெல்லாம்" அப்படிங்கிற முந்தின வரியையும் சேர்த்து வாசிச்சா அது மணிமேகலை மட்டும்தான், "உண்டி முதற்றே உணவின் பிண்டம்" அப்படிங்கிற பிந்தின வரியைச் சேர்த்தா புறநானூறு. ஒரு வரி கூட சேர்த்தா சண்டையே வராது.

இந்த மாதிரி கண்ணி தமிழ் இலக்கியத்துல அங்கங்க இருக்கு. பாரதி காலமான தேதி என்னன்னு கேட்டா செப்டம்பர் 11 அப்படின்னு நினைவு நாளை வெச்சு ஒரு டீம் சொல்லும், உயிர் போனது நள்ளிரவு தாண்டி, அதனால 1921 செப்டம்பர் 12 அப்படின்னு இன்னொரு டீம் சொல்லும், ரெண்டு பேர்கிட்டயும் நியாயம் இருக்கு. வருஷத்தை மட்டும் கேட்டா முடிஞ்சுது. ஔவையார் விஷயம் இதை விட மோசம், "அதியமான்கிட்ட நெல்லிக்கனி வாங்குன ஔவையார் எழுதுன ஆத்திசூடியில..." அப்படின்னு ஆரம்பிக்கிற கேள்வியை நானே பார்த்திருக்கேன். சங்ககால ஔவை வேற, ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டு பின்னாடி வந்தவங்க. இங்க கேள்வியே தப்பு, எந்த பதில் சொன்னாலும் தப்பை ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

நான் இப்போ செய்யுறது, விடைத்தாள்ல ரெண்டு பத்தி வெச்சிடுறேன், ஒண்ணு விடை, இன்னொண்ணு "இதையும் ஏத்துக்கலாம்". சொ. விருத்தாசலம்னு கேட்டா புதுமைப்பித்தன், சரி, ஆனா கல்கியோட இயற்பெயர் கேட்டா கிருஷ்ணமூர்த்தின்னு மட்டும் சொன்னா போதுமா, ரா. வேணுமா? மேடையில யோசிக்கக் கூடாது, முந்தின நாளே எழுதி வெச்சிருக்கணும். அப்புறம் விடையை மறைச்சுட்டு இன்னொரு தமிழ் ஆசிரியரை எல்லா கேள்விக்கும் பதில் எழுதச் சொல்லணும், அவங்க பதில் நம்ம பதிலோட ஒத்துப் போகாத இடமெல்லாம் ஓட்டை இருக்குற இடம்.

படம் காட்டி இணைப்பு கண்டுபிடிக்கச் சொல்ற சுற்று பிள்ளைங்களுக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா இதுலதான் அவசரத்துல தப்பு நடக்கும். முல்லைக்கொடி, மயில், நெல்லிக்கனி மூணு படம், விடை கடையெழு வள்ளல்கள். பார்க்க நல்லாத்தானே இருக்கு? பாரிகிட்ட தேர் வாங்குனது முல்லை, பேகன்கிட்ட போர்வை வாங்குனது மயில், ஆனா நெல்லிக்கனி வாங்குனது இல்ல, குடுக்கப்பட்ட பொருள். கூர்மையான பிள்ளை இங்கதான் குழம்பும், ஏன்னா அது வரிசையில ஒரு ஒழுங்கைத் தேடும். தேர், போர்வை, நெல்லிக்கனின்னு மாத்துனா மூணும் கொடை, கொஞ்சம் கஷ்டமும் ஆகுது, செடி கொடின்னு யோசிச்சு வழி தவறவும் மாட்டாங்க. கூடவே கேள்வியிலயே "ஏழு பேர் அடங்குன எந்தக் கூட்டத்தை இது காட்டுது" அப்படின்னு கேட்டுடணும், இல்லன்னா ஒரு டீம் வள்ளல்னும் இன்னொண்ணு சங்ககால மன்னர்கள்னும் சொல்லி ரெண்டு பேரும் மார்க் கேப்பாங்க.

குறிப்பு ஒவ்வொண்ணா குடுத்து மார்க்கைக் குறைச்சுட்டே போற படிக்கட்டு சுற்றுல, முதல் குறிப்புலயே உடைஞ்சு போறதுதான் எப்பவும் நடக்குற தப்பு. உ.வே.சா. விடைன்னு வெச்சுப்போம். சொந்த ஊர் உத்தமதானபுரம்னு முதல் குறிப்பு போட்டா ஆட்டம் அங்கயே முடிஞ்சுது, பாடப்புத்தகம் படிச்ச எல்லாரும் எழுதிடுவாங்க, பேரோட முதல் எழுத்தே அந்த ஊர்தானே. "பழைய ஓலைச்சுவடிகளைத் தேடி அலைஞ்சவர்" அப்படின்னு போட்டா அது இன்னும் ரெண்டு மூணு பேருக்குப் பொருந்தும், சி.வை. தாமோதரம் பிள்ளைன்னு எழுதுன டீமை எப்படி தப்புன்னு சொல்றது? முதல் குறிப்பு ஒருத்தருக்கு மட்டும் பொருந்தணும், ஆனா எட்டுறதுக்கு சிரமமா இருக்கணும்.

நான் போட்ட வரிசை இது. பத்து மார்க்குக்கு, "கும்பகோணத்துக்கு முன்சீப்பா வந்த ஒருத்தர் கேட்ட கேள்வியால இவரோட படிப்பு திசை மாறுச்சு", அதாவது சேலம் ராமசாமி முதலியார். எட்டுக்கு, ஒரு பௌத்த காப்பியத்தைப் பதிப்பிக்கிறதுக்காக பௌத்தத்தையே புதுசா படிச்சார். ஆறுக்கு, தன்னோட ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட வரலாற்றை எழுதுனார். நாலுக்கு, 1887ல சீவக சிந்தாமணி பதிப்பு. கடைசி ரெண்டு மார்க்குக்குத்தான் தமிழ்த் தாத்தா. ஒரு டீம் ஒரே ஒரு தடவைதான் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுக்கலாம், தப்புன்னா அந்தக் கேள்வியில அவங்க அவ்வளவுதான், இல்லன்னா குறிப்புக்கு ஒரு பேரா எழுதித் தள்ளுவாங்க. எல்லா டீமும் ஒரே நேரத்துல ஆடுறதால இந்த சுற்றுல யாரும் சும்மா உக்காந்திருக்கவும் வேண்டாம்.

நேரடிக் கேள்வி சுற்றுல பாஸ் ரூலை யாரும் பெருசா யோசிக்கிறதே இல்ல. ஆறு டீம், கேள்வி 1 முதல் டீமுக்கு, தெரியலன்னா ரெண்டாவது டீமுக்கு பாஸ், அப்புறம் கேள்வி 2 வழக்கம் போல ரெண்டாவது டீமுக்கே. முதல் டீம் கொஞ்சம் வீக்கா இருந்தா ரெண்டாவது டீம் ஒவ்வொரு சுற்றுலயும் ரெண்டு கேள்வி சாப்பிடும், அவங்க உக்காந்த நாற்காலிதான் அவங்களுக்கு மார்க் வாங்கிக் குடுக்குது. இதை சரி பண்ண, பாஸ் ஆன கேள்விக்கு எந்த டீம் பதில் சொல்லுதோ அதுக்கு அடுத்த டீமுக்கு புது கேள்வி போகணும். கேள்வி 1 ஒண்ணு, ரெண்டு தாண்டி மூணாவது டீம் சொல்லிடுச்சுன்னா கேள்வி 2 நாலாவது டீமுக்கு. யாருமே சொல்லலன்னா ரெண்டாவது டீம்ல இருந்து. பாதி கேள்வி முடிஞ்சதும் திசையைத் திருப்பி ஆறாவது டீம் பக்கத்துல இருந்து வரணும். இப்படி ஆடுறப்போ நேரடிக்கும் பாஸுக்கும் ஒரே மார்க் குடுக்கலாம், பாஸுக்கு பாதி மார்க்னு கணக்கு போட வேண்டாம். ஆனா ஆறாம் ஏழாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு இது குழப்பும், அவங்களுக்கு எல்லாரும் எழுதிக் காட்டுற முறையே நல்லது.

நேரக் கணக்கையும் முன்னாடியே பார்த்துடணும், ஒரு நேரடிக் கேள்வி வாசிச்சு, யோசிச்சு, பாஸ் ஆகி, விடையை விளக்கி முடிக்க ஒன்றரை நிமிஷம் ஆகுது, ஆறு டீமுக்கு ஒரு வட்டம் வந்தாலே ஒன்பது நிமிஷம். ரெண்டு பீரியட் 80 நிமிஷத்துல நேரடி ரெண்டு வட்டம், படிக்கட்டு மூணு, படம் நாலு, கதைக் கேள்வி ஆறு, கடைசியா பஸ்ஸர் ஆறு, இதுக்கு மேல போட்டா கடைசி சுற்றை பெல் அடிச்சப்புறம் ஓட்டமா நடத்த வேண்டியிருக்கும்.

அந்த கடைசி பஸ்ஸர் சுற்றுக்கு கேள்விக்கு 20 மார்க்னு வைக்கிறவங்க இருக்காங்க, சுவாரசியம் வரும்னு. ஒரு மணி நேரம் உழைச்சு 70 மார்க் எடுத்த டீமை 30ல இருக்குற டீம் மூணே கேள்வியில தாண்டிடும், அதுவும் பெல்லை முந்தி அடிச்சதுனால, தெரிஞ்சதுனால இல்ல. மத்த சுற்று மாதிரியே சரிக்கு 10, தப்புக்கு 5 கழிவு, வாசிச்சு முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சா வாசிப்பு அங்கயே நிக்கும், அஞ்சு செகண்டுல பதில் சொல்லணும். பஸ்ஸர் மெஷின் இல்லாத ஸ்கூல்ல கை தூக்குறதை நம்பாதீங்க, யார் முதல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒவ்வொரு டீமுக்கும் வேற வேற சத்தம் குடுத்துடுங்க, ஒண்ணுக்கு சைக்கிள் பெல், ஒண்ணுக்கு விசில், ஒண்ணுக்கு டிபன் மூடியும் ஸ்பூனும், சத்தத்தை மட்டும் கவனிக்க மேடைக்கு முதுகைக் காட்டி ஒரு ஆளை உக்கார வெச்சா எந்த டீம்னு முகம் பார்க்காம சொல்லிடுவாங்க.