“போட்ரலாம்” என்றால் போட்டாயிற்று என்று அர்த்தமில்லை

பரீட்சகர்கள் சேர்ந்து விடைத்தாள் புள்ளிகளை மறுபடி பார்த்து முடிவுசெய்யும் மொடரேஷன் கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு அறிக்கை எழுதும் வேலை எப்போதும் இளையவர் தலையில்தான் விழும். போன மாதம் ஹட்டனில் எங்கள் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவுக்கு அதை எழுதியவர் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி. வரைவை வாசித்தேன். பதினொரு வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழை, அதே பத்தியில் உட்கார்ந்திருந்தது. எழுத்துப்பிழை, சுட்டெண் மாறிப்போவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை சரிபார்க்கும்போது எப்படியும் அகப்படும். அகப்படாமல் தப்புகிறவை வேறு.

முடிவையும் யோசனையையும் ஒன்றாக்குவது

தமிழில் “41 போடலாம்” என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள். போட்டால் என்ன என்று கேட்பதும் அதுதான், போடுவோம் என்று முடிப்பதும் அதுதான். “சரி” இன்னும் மோசம். ஒத்துக்கொள்கிறேன் என்றும் வரும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் வரும், போதும், அடுத்ததுக்கு வாங்க என்றும் வரும். சிங்களம் பேசும் பரீட்சகர் ஒருவர் மேசையில் இருந்தால் அவருடைய “ஹரி”யும் அப்படியே. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முகம் பார்த்து விளங்கிவிடும். ஒலிப்பதிவில் முகம் கிடையாது.

என் கதையைச் சொல்கிறேன். சுட்டெண் 27 என்று முடியும் பிள்ளை. சித்திக்கு 40 வேண்டும், முதல் பரீட்சகர் போட்டது 37. மூன்றாம் வினா, முன்பள்ளியில் எண்ணறிவு வளர்க்கும் ஐந்து செயற்பாடுகள், ஒன்றுக்கு 4 வீதம் 20. இரண்டைத்தான் ஏற்று 8 கொடுத்திருந்தார். மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சாக்குகளை எண்ண வைப்பது என்று அந்தப் பிள்ளை எழுதியது கைந்நூலில் இல்லையாம், அதற்குப் புள்ளி இல்லை. இரண்டாம் பரீட்சகர் விடவில்லை. “புள்ளித்திட்டத்துல ‘பொருத்தமான ஏதேனும் ஐந்து’ன்னுதானே இருக்கு மிஸ்?” என்றார். 38வது நிமிடத்தில் தலைவர், “அப்ப நாலு சேர்த்தா 41 வருது, போட்ரலாம்.” யாரோ “சரி” என்றார். நான் நிறுத்தி எழுதினேன்: 37 இலிருந்து 41, காரணம் மாற்று விடை ஏற்கப்பட்டது. மனதுக்குத் திருப்தியாகவும் இருந்தது.

அந்த “சரி”யைச் சொன்னது யார் என்று நான் பார்க்கவில்லை. அது முதல் பரீட்சகர். ஒத்துக்கொண்ட சரி அல்ல. தொடர்ந்து அவர், “ஆனா அந்த மூணாவது விடையைப் பார்த்தா 31ஓடது மாதிரியே வசனத்துக்கு வசனம் இருக்கு” என்றார். நடுவில் டீ வந்தது. கோப்பைச் சத்தத்தோடு பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஒரு மணி 12வது நிமிடத்தில்தான் தலைவர் திரும்பி வருகிறார்: “அந்த ரெண்டு பிள்ளையையும் வெளிப் பரீட்சகருக்கு அனுப்புவோம். அதுவரைக்கும் புள்ளி இருக்கிறபடியே இருக்கட்டும்.” சுட்டெண் சொல்லவில்லை. “அந்த ரெண்டு பிள்ளை.” 31 பற்றித்தான் கடைசியாகப் பேசினார்கள், அதனால் 31ஐ மட்டும் மேலதிக மீளாய்வுப் பட்டியலில் போட்டேன். கூடவே இன்னொரு பிள்ளை யார் என்று தேடாமல் விட்டேன்.

பெறுபேற்றுத் தாள் என் அறிக்கையைப் பார்த்துத் தயாரானது. 27 சித்தி. மூன்று வாரம் கழித்து, சித்தி இல்லை, மீளாய்வில் இருக்கிறது என்று கடிதம் போக வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை லயத்தில் வீடு வீடாக இனிப்புக் கொடுத்து முடித்திருந்தது. வெளிப் பரீட்சகர் கடைசியில் 41தான் சரி என்றார், பார்த்து எழுதியது மற்றப் பிள்ளைதானாம். ஆனாலும் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். தொலைந்தது எதுவும் இல்லை, எல்லாம் ஒலிப்பதிவில் இருந்தது.

இப்போது செய்வது இது. முதல் தடவை கேட்கும்போது புள்ளியே எழுதுவதில்லை. எந்தச் சுட்டெண் எந்த நிமிடத்தில் வருகிறது என்று மட்டும் குறிக்கிறேன். 27க்கு அப்படிக் குறித்தால் 38 என்றும் 72 என்றும் இரண்டு இடம் வரும். “அந்தப் பிள்ளை”, “முதல்ல பார்த்தோமே” என்று வந்தால் கேள்விக்குறியோடு அதையும் எழுதுவேன். பிறகு ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் கடைசி இடத்துக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வருவேன். கடைசியில் சொன்னதே நிற்கும், முன்னால் சொன்னது யோசனை. முடிவு என்று நான் எடுத்துக்கொள்வதற்கு இரண்டு அடையாளம் வேண்டும்: தலைவர் வாயால் அந்த எண் வந்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு யாரும் “ஆனா” என்று தொடங்கியிருக்கக் கூடாது. திருத்திய புள்ளித்தாளில் கையொப்பச் சுருக்கம் இருந்தால் அதோடு ஒப்பிடுவேன். இரண்டும் முட்டினால் தலைவரிடம் கேட்பேன், நானாகத் தீர்ப்பதில்லை.

இன்னொன்று. மீளாய்வுக்குப் போன பிள்ளைக்கு “திருத்திய புள்ளி” என்ற கட்டம் வெறுமையாக இருக்க வேண்டும். பேசப்பட்ட 41ஐ அடைப்புக்குள்கூடப் போடக் கூடாது. அடைப்பு நகலெடுக்கும்போது விழுந்துவிடும், எண் நிற்கும். ஆரம்பப் புள்ளி 37, முடிவு நிலுவையில், யாரிடம் போகிறது, எதைப் பார்க்கச் சொன்னார்கள். இவ்வளவுதான்.

காரணத்தை அழகாக்குவது

“பாவம், தூரத் தோட்டத்துல இருந்து வர்ற பிள்ளை, ரெண்டு போடுங்க” என்று ஒருவர் சொல்வார், இரண்டு போடப்படும். அறிக்கை எழுதுபவர் கூச்சப்பட்டு “விடை மீள்மதிப்பீடு செய்யப்பட்டது” என்று எழுதிவிடுவார். அப்படி ஒரு மதிப்பீடு நடக்கவே இல்லை. பிள்ளை முறைப்பாடு செய்து விடைத்தாளை எடுத்துப் பார்க்கும் நாளில், எந்த விடைக்கு என்று யாராலும் காட்ட முடியாது. சொன்ன காரணம் புள்ளித்திட்டத்தோடு ஒட்டவில்லை என்றால், “புள்ளித்திட்டம் சார்ந்த காரணம் பதிவில் இல்லை” என்று எழுதித் தலைவர் முன் வையுங்கள். அவர் காரணம் தரட்டும், அல்லது இரண்டைத் திரும்ப எடுக்கட்டும்.

“எல்லாருக்கும் ரெண்டு”

எல்லாருக்குமா, அந்த வினாவை எழுதினவர்களுக்கா என்று கேளுங்கள். 20க்கு 19 எடுத்த பிள்ளைக்கு ஒன்றுதான் சேரும்.

பெயர்

சுட்டெண் போதும்.

மழை

ஜூனில் கூட்டம் வைத்தால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம்தான் முதலில் கேட்கும். “முப்பத்தாறு”க்கும் “முப்பத்தாறரை”க்கும் வித்தியாசம் அதில் கரைந்துபோகும். ஹெட்போனில் பத்துத் தடவை போட்டுக் கேட்டால் நமக்கு வேண்டிய எண்தான் கேட்கும், இது என் அனுபவம். மூன்று தடவைக்கு மேல் கேட்காதீர்கள். “54:10, அரை கேட்கவில்லை” என்று எழுதிவிட்டு விடைத்தாளை எடுத்து வரச் சொல்லுங்கள். தங்கச்சியின் வரைவில் அந்த இடத்தில் முப்பத்தாறரை என்று இருந்தது. எப்படித் தெரியும் என்றேன். “அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன் மிஸ்” என்றார். தாளை எடுத்துப் பார்த்தோம். முப்பத்தாறு.