வாரொக்கா, வாரொமா: ஹங்கேரிய மின்னஞ்சலில் நான் திருத்திய பிழைகள்

புடாபெஸ்டில் வாடகை வீடு தேடி ஒரு வீட்டு உரிமையாளருக்கு நான் எழுதிய மின்னஞ்சலை, அனுப்பும் முன் தோழி ஒருவரிடம் காட்டினேன். மூன்று வினைச்சொற்களின் அடியில் அவர் கோடிட்டார்.

ஹங்கேரிய மொழியில், செயப்படுபொருள் இன்னதென்று குறிப்பானதா, பொதுவானதா என்பதற்கேற்ப வினையின் விகுதி மாறும். 'ஒரு வீடு தேடுகிறேன்' என்பதற்குக் 'கெரெஷெக்' என எழுதவேண்டிய இடத்தில் 'கெரெஷெம்' என்றும், 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்னும் முடிவு வரியில் 'வாரொம்' என்பதற்குப் பதிலாக 'வாரொக்' என்றும் எழுதியிருந்தேன். 'உங்கள் பதில்' உடைமை விகுதி ஏற்ற சொல்லாதலால், அது குறிப்பான பொருளாகிவிடுகிறது.

எனக்கு வழிகாட்டியது தமிழின் 'ஐ' உருபுதான். 'வீடு தேடுகிறேன்' என்றால் ஏதோ ஒரு வீடு. 'வீட்டைத் தேடுகிறேன்' என்றால் நாம் அறிந்த அந்த வீடு. ஹங்கேரியத்தில் பெயரின் இறுதியில் 'த்' இரண்டிலும் வரும். வேறுபாட்டை வினையே சுமக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிப் பார்த்து, 'ஐ' இயல்பாக வந்த இடங்களில் குறிப்பு விகுதியை இட்டேன்.

மூன்றாவது பிழையில் இந்த வழியே என்னை ஏமாற்றியது. 'தாங்கள் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்றால்' என்னும் தொடரில், 'என்னை' என்பதில் 'ஐ' இருப்பதை நம்பி 'ஏர்த்தி எங்கெம்' என்று எழுதியிருந்தேன். ஆனால் 'என்னை', 'எங்களை' ஆகிய தன்மைப் பெயர்களுக்குப் பொது விகுதியே வரும். 'ஏர்த் எங்கெம்' என்பதே சரி. மரியாதைக்குரிய 'தங்களை' என்பதற்கோ படர்க்கையைப் போலக் குறிப்பு விகுதியே வருகிறது.