முப்பது கிராம் என்று நினைத்துச் சாப்பிட்ட கிரனோலா

காலையில் இட்லியை விட்டுவிட்டு கிரனோலாவுக்கு மாறி மூன்று மாதம் ஆகியும் எடை குறையவில்லை, ஒரு கிலோ கூடவே செய்தது. பாக்கெட்டில் ஒரு பரிமாறலுக்கு 140 கலோரி என்று போட்டிருந்ததை நம்பியிருந்தேன். அது 30 கிராமுக்கான கணக்கு.

ஒருநாள் வழக்கமாக எடுக்கும் கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்துக் கொட்டிப் பார்த்தேன், 95 கிராம். அதாவது சுமார் 440 கலோரி, 200 மில்லி பாலோடு 570. அதே கிண்ணம் நிறைய கார்ன்ஃபிளேக்ஸ் போட்டால் 30 கிராம் பக்கம்தான் வரும், ஏனென்றால் அது காற்றடைத்த லேசான சாமான். கிரனோலா ஓட்ஸில் எண்ணெயும் தேனும் சேர்த்துச் சுட்டுக் கட்டியானது, கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும்.

வெறும் ஓட்ஸ் 100 கிராமில் 380 கலோரி அளவு. என் பாக்கெட்டில் 467. எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் கொஞ்சம் சேர்த்தாலே ஏறிவிடும். சரி, சுடாத மியூஸ்லி வாங்கலாம் என்றால் அதில் திராட்சை நிறைய. நீர் வற்றிய பழம் என்பதால் 100 கிராமுக்கு 300 கலோரி, பச்சைத் திராட்சையில் 70தான்.

இப்போது 40 கிராம் ஓட்ஸைப் பாலில் ஊறவைத்து, நறுக்கிய கொய்யா போட்டு, மேலே மொறுமொறுப்புக்கு 15 கிராம் கிரனோலா மட்டும் தூவுகிறேன். பாலோடு 400க்குள் நிற்கிறது. பாக்கெட் வாங்கும்போது 100 கிராம் பத்தியை மட்டும் பார்க்கிறேன், பரிமாறல் அளவை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி போடுகிறது.